வரி விதித்தது யாருங்க? – 1776ல் ஒளிந்திருக்கும் ஓர் எழுவாய்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உரிமை, சமத்துவம்னு வரும் முன்பகுதியில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. நடுவில் வரும் குற்றப் பட்டியல்தான் ஆளை உட்கார வைத்துவிட்டது.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மேல் வரிசையாகக் குற்றம் சாட்டுவார்கள். அவர் மறுத்தார், அவர் கலைத்தார், அவர் தடுத்தார் என்று போகும். திடீரென்று நடை மாறும். அவர் 'மற்றவர்களோடு' கூட்டுச் சேர்ந்து, அவர்களுடைய போலிச் சட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார் என்று ஒரு வாக்கியம். அதன் கீழே 9 வரிகள். ஒவ்வொன்றும் 'ஃபார்' என்று தொடங்கி, 'இங்' விகுதி கொண்ட ஒரு ஜெரண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். படைகளைத் தங்கவைத்தல், வணிகத்தைத் துண்டித்தல், வரி விதித்தல்... இப்படி.

விதித்தது யார்? அந்த 'மற்றவர்கள்', அதாவது பிரிட்டிஷ் பாராளுமன்றம். ஆனால் பாராளுமன்றம் என்ற சொல்லே பிரகடனத்தில் கிடையாது. அது மறதி இல்லீங்க. பாராளுமன்றத்துக்கு எங்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை, எங்களைப் பிணைப்பது மன்னர் மட்டும்தான் என்பது ஜெஃபர்சன் 1774லேயே எடுத்த நிலை. இல்லாத அதிகாரத்திடமிருந்து எப்படி விடுதலை அறிவிப்பது? அதனால் பெயரைச் சொல்லாமல் ஜெரண்டுக்குள் மறைத்துவிட்டார்கள். (முத்திரைச் சட்டம் ஒப்புதல் பெற்ற 1765 மார்ச்சில் மன்னர் உடம்புக்கு முடியாமல் இருந்தார். ஒப்புதலே அவர் சார்பில் நியமிக்கப்பட்ட குழு மூலமாகத்தான் வந்தது!)

இப்போ தமிழுக்கு வருவோம். சட்டென்று கைக்கு வருவது 'எங்கள் மீது வரி விதித்ததற்காக'. இது தண்டனைத் தீர்ப்பு மாதிரி ஒலிக்கிறது. மேலே 'அவர்' இருப்பதால் விதித்தவரும் மன்னரே ஆகிவிடுகிறார். 'வரி விதித்தல்' என்று விட்டால் தொழிற்பெயரில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. வாசகர் பக்கத்தில் இருக்கிற எழுவாயைத்தான் எடுத்து மாட்டுவார், அதுவும் மன்னர்தான். சரி, செய்தவரை வெளிப்படையாகவே சேர்த்துவிடலாமா? 'பாராளுமன்றம் வரி விதித்தது' என்றால் அது பெயரா, முடிந்த வாக்கியமா என்றே தெரியாது. இலங்கைத் தமிழில் தாராளமாகப் புழங்கும் 'விதித்தமை' அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஆனால் மூலம் மறைத்த பெயரை நாம் போட்டுக்கொடுப்பதும் சரியில்லையே.

வழி அந்த 'ஃபாரி'லேயே இருக்கிறது. அக்காலச் சட்டங்களின் தலைப்புகள் பலவும் 'இன்னதைச் செய்வதற்கான சட்டம்' என்ற பாணியில்தான் இருக்கும். பிரகடனம் அதே பாணியைக் கையாள்கிறது. ஆகவே 'அவர்களுடைய சட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்: எங்கள் சம்மதமின்றி வரி விதிப்பதற்கான சட்டங்கள்...' என்று போகலாம். விதிப்பது சட்டம், இயற்றியது 'அவர்கள்', ஒப்புதல் தந்தது அவர். மூன்றும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

இது இலக்கண நுணுக்கம் மட்டும் இல்லை. விசாரணைக்காக எங்களைக் கடல் கடத்துவது என்று ஒரு வரி உண்டு. 1772ல் ரோட் ஐலண்டில் கேஸ்பி என்ற அரசுக் கப்பலைக் கொளுத்தினார்கள். சந்தேகப்பட்டவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று ஒரு விசாரணைக் குழு வந்தது. கடைசியில் ஒருத்தரைக்கூட அனுப்பவில்லை. 'கடல் கடத்தியதற்காக' என்று எழுதினால் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறோம். 'கடத்துவதற்கான' என்றால் பிழை இல்லை. அதே வரியில் ஒரு செயப்பாட்டு இன்ஃபினிட்டிவ் வேறு இருக்கிறது. 'கொண்டுபோய் விசாரிப்பதற்கான' என்றால் கொண்டுபோகிறவரே நீதிபதி! 'விசாரணைக்கு உள்ளாகும்படி எங்களைக் கடல் கடத்துவதற்கான' என்று எழுதினால்தான் விசாரிக்கப்படுவது 'நாங்கள்', விசாரிப்பது வேறு யாரோ என்பது நிற்கும்.

ஒன்பதாவது வரிதான் எனக்குப் பிடித்தது. எங்கள் சட்டமன்றங்களை நிறுத்திவைத்து, எங்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் 'தெம்செல்வ்ஸ்'க்கே உண்டு என்று அறிவிப்பது. 1767ல் நியூயார்க் சட்டமன்றத்துக்கு எதிராக வந்த சட்டமும், 1766ன் பிரகடனச் சட்டமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பன்மை ஒன்றே போதும், செய்தது மன்னர் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் 'தமக்கே அதிகாரம் உண்டு' என்று எழுதினால் போச்சு. நம்ம மரியாதைத் 'தமக்கு' ஒருவருக்கும் பொருந்தும், பலருக்கும் பொருந்தும். மன்னர் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். 'தங்களுக்கே அதிகாரம் உண்டென்று அவர்கள் அறிவிப்பதற்கான' என்று 'அவர்களை'க் கையோடு சேர்த்து எழுதினேன். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.