செல்போனிலேயே நிரப்பும் பி.டி.எஃப் விண்ணப்பம் தயாரிப்பது எப்படி? தமிழ் எழுத்து உடையாமல் இருக்க என்ன செய்யணும்?

வாட்ஸ்அப்பில் ஒரு விண்ணப்பம் வருகிறது. திறந்தால் கோடு கோடாக இருக்கிறது. விரலால் தொட்டால் எதுவும் எழுத முடியவில்லை. கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து, பேனாவால் எழுதி, போட்டோ பிடித்துத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த போட்டோவைப் பார்த்து இன்னொருவர் தட்டச்சு செய்யும்போது 1 என்பது 7 ஆகிவிடுகிறது, 0 என்பது 6 ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வுதான் நிரப்பக்கூடிய பி.டி.எஃப். எழுத வேண்டிய இடத்தில் பெட்டி, டிக் அடிக்க சின்னக் கட்டம், தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். பி.டி.எஃப்-இல் இந்த வசதி 1996-இலேயே வந்துவிட்டது. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் இருந்தால் போதும், நீங்களே தயாரித்துவிடலாம். எப்படி என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

கம்மாபுரம் பக்கம் ஒரு விவசாயக் குழு

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே இருக்கிறது கம்மாபுரம் ஒன்றியம். இங்கே ஒரு விவசாயக் குழு, சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய உறுப்பினர்களிடம் விவரம் சேகரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது காப்பீட்டு விண்ணப்பம் இல்லை. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்யப் போவதற்கு முன்னால், விவரங்களைப் பிழையில்லாமல் திரட்ட ஒரு படிவம், அவ்வளவுதான்.

பிழை எங்கே வரும்? முதல் இடம் நிலத்தின் அளவு. சிட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0 - 81.00 என்று இருந்தால் அது 0.81 ஹெக்டேர், கிட்டத்தட்ட 2 ஏக்கர். விவசாயி அதைப் பார்த்து வெறுமனே 0.81 என்று எழுதிக் கொடுக்கிறார். பதிவு செய்பவர் ஏக்கர் என்று நினைத்துக்கொண்டால், 2 ஏக்கர் நிலம் 81 சென்ட் ஆகிவிடும். பயிர் மூழ்கினால் இழப்பீடும் அந்த 81 சென்ட்டுக்குத்தான் கணக்காகும்.

இரண்டாவது இடம் வங்கி விவரம். ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டில் மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று எழுதுபவர்கள் நிறைய பேர். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் பணம் கணக்குக்கு வராது.

இந்த இரண்டு பிழையையும் படிவமே தடுக்கிற மாதிரி அமைக்கலாம்.

முதலில் பக்கத்தைத் தயார் செய்யுங்க

லிப்ரே ஆபிஸ் ரைட்டரைத் திறந்து, இரண்டு பத்தி உள்ள ஒரு அட்டவணை போடுங்க. இடது பக்கம் கேள்விகளைத் தமிழில் தட்டச்சு செய்யுங்க: பெயர், ஊர், சர்வே எண், நிலத்தின் அளவு, அளவின் அலகு, கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி, செல்போன் எண், கையில் உள்ள ஆவணங்கள். வலது பக்கம் காலியாக இருக்கட்டும். பெட்டிகள் அங்கேதான் வரப்போகின்றன.

இப்போது மேலே உள்ள `Form` மெனுவில் `Design Mode`-ஐ அழுத்துங்க. இது இயங்கும்போதுதான் பெட்டிகளை வைக்கவும் நகர்த்தவும் முடியும்.

எழுதும் பெட்டி

`Form` மெனுவில் `Text Box`-ஐத் தேர்ந்தெடுத்து, பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் இழுத்து வரையுங்க. பெட்டி மீது வலது கிளிக் செய்து `Anchor` → `As Character` கொடுத்துவிட்டால், அது அட்டவணைக் கட்டத்தை விட்டு நகராது. மறுபடி வலது கிளிக் செய்து `Control Properties` போனால் அதன் விவரங்கள் வரும்.

அங்கே இரண்டைக் கவனியுங்க. ஒன்று `Name`. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர் கொடுங்க: `name`, `survey`, `ifsc` என்பது போல. பி.டி.எஃப்-இல் ஒரே பெயர் உள்ள இரண்டு பெட்டியும் ஒரே பெட்டியாகத்தான் கருதப்படும். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் அதுவே தோன்றும்.

இரண்டாவது `Max. text length`. ஐ.எஃப்.எஸ்.சி-க்கு 11, செல்போனுக்கு 10 என்று கொடுத்தால், அதற்கு மேல் தட்டச்சு ஆகாது. குறைவாக எழுதினால் இது தடுக்காது. அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் "11 எழுத்து, ஐந்தாவது பூஜ்யம்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்க. கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி மாறும், அதற்கு இறுக்கமான வரம்பு வேண்டாம்.

கணக்கு எண்தானே என்று `Numeric Field` வைக்கத் தோன்றும். வைக்காதீங்க. அது எண்ணாகவே கணக்கில் எடுக்கும், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். கணக்கு எண், சர்வே எண், செல்போன் எண் எல்லாவற்றுக்கும் `Text Box`தான் சரி. 145/2B மாதிரி சாய்கோடு உள்ள சர்வே எண்ணும் அதில்தான் ஏறும்.

தேர்ந்தெடுக்கும் பட்டியல்

அலகுக்கும் ஊருக்கும் `List Box` வைக்கணும். வரைந்ததும் ஏதாவது வழிகாட்டிச் சாளரம் வந்தால் `Cancel` கொடுங்க. `Control Properties`-இல் `Dropdown` என்பதை `Yes` ஆக்குங்க. பிறகு `List entries` என்ற இடத்தில் வரிக்கு ஒன்றாக எழுதுங்க. அடுத்த வரிக்குப் போக `Shift+Enter` அழுத்தணும். அலகுக்கான பட்டியல் இப்படி இருக்கலாம்:

```
Select
Hectare
Acre
```

முதல் வரியில் `Select` இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே நேரடியாக ஏக்கரை வைத்தால், பட்டியலைத் தொடாமலே விட்டவரும் ஏக்கர் என்று சொன்னதாக ஆகிவிடும். `Select` என்றே திரும்பி வந்தால், அவர் நிரப்பவில்லை என்று தெரிந்துவிடும், போன் போட்டுக் கேட்கலாம்.

ஊர்ப் பட்டியலில் கார்குடல், முதனை, ஊத்தங்கால் என்று குழுவில் உள்ள ஊர்களை வரிசையாகப் போடுங்க. பட்டியலில் இல்லாத ஊரையும் எழுத விட வேண்டுமானால் `List Box`-க்குப் பதில் `Combo Box` வையுங்க. ஆனால் அப்போது ஒரே ஊரை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்க.

டிக் அடிக்கும் கட்டம்

அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக முதல் பக்கம், ஆதார் நகல். இவற்றில் எது கையில் இருக்கிறது என்று கேட்க `Check Box` சரியானது, ஏனென்றால் ஒன்றுக்கு மேல் டிக் அடிக்கலாம். `Label` என்ற இடத்தில் உள்ளதை அழித்துவிட்டு, ஆவணத்தின் பெயரைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சாதாரண எழுத்தாகத் தமிழில் தட்டச்சு செய்யுங்க. ஏன் அப்படி என்றால், இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

படிவத்தில் இரண்டு வகைத் தமிழ் இருக்கிறது. பக்கத்தில் நீங்க தட்டச்சு செய்த தமிழ், பி.டி.எஃப் ஆக மாற்றும்போதே எழுத்துருவோடு சேர்த்துக் கோப்புக்குள் பதிந்துவிடும். எந்த போனில் திறந்தாலும் அப்படியே தெரியும்.

பெட்டிக்குள் நிரப்புபவர் எழுதும் தமிழ் அப்படி இல்லை. அதை அந்த நேரத்தில் வரைவது அவர் போனில் உள்ள பி.டி.எஃப் செயலி. செயலியிடம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தும் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாவிட்டால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பட்டியலுக்குள் நீங்க தமிழில் எழுதி வைத்த ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான் நேரலாம்.

சோதிக்க ஒரு நல்ல சொல் இருக்கிறது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலால் விருத்தாசலம் பக்கம் கொளஞ்சி என்று பெயர் வைத்தவர்கள் நிறைய. பெயர்ப் பெட்டியில் கொளஞ்சி என்று தட்டச்சு செய்து பாருங்க. 'கொ' என்பதில் முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரணும். அது சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக வரும். இரண்டு மூன்று போனில் வெவ்வேறு செயலியில் பார்த்துவிடுங்க.

உடைந்து வந்தால், கேள்விகள் தமிழிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள்ளும் பட்டியலுக்குள்ளும் மட்டும் ஆங்கில எழுத்து வையுங்க. பெயருக்கு எதிரே "வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில்" என்று எழுதிவிட்டால், பதிவின்போது பெயர் மாறும் பிரச்சினையும் சேர்ந்தே தீரும். ஆங்கிலம் வராதவர்களுக்குப் பட்டியலுக்குப் பதிலாக, தமிழில் ஊர்ப் பெயர்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் கட்டம் வைக்கலாம்.

பி.டி.எஃப் ஆக மாற்றும்போது

முதலில் கோப்பை `.odt` ஆகச் சேமித்து வையுங்க. நாளைக்கு ஒரு ஊரைச் சேர்க்க வேண்டுமானால் அதில்தான் மாற்ற முடியும். பிறகு `File` → `Export As` → `Export as PDF` போய், `General` பகுதியில் `Create PDF form` டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்க. அங்கேயே உள்ள `Allow duplicate field names` டிக் ஆகக் கூடாது.

பிரிண்ட் வழியாக பி.டி.எஃப் ஆக்கினால் பெட்டி எல்லாம் வெறும் படமாகிவிடும். திறந்து தொட்டுப் பார்த்தால் கர்சர் வராது. "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், எழுத முடியலையே" என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கணும்.

உறுப்பினருக்கு அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் தொட்டதும் திறக்கும் பார்வைப் பக்கத்தில் பல போன்களில் எழுத முடியாது. அடோபி அக்ரோபேட் ரீடர் மாதிரி ஒரு செயலியில் திறக்கச் சொல்லுங்க. நிரப்பியதும் சேமித்து, அதே செயலியிலிருந்து பகிரணும். வாட்ஸ்அப்புக்குத் திரும்பிப் போய் பழைய கோப்பையே ஃபார்வேர்டு செய்தால் உங்களுக்கு வெற்றுப் படிவம்தான் வரும்.

சில பழைய அரசுப் படிவங்களை போனில் திறந்தால் `Please wait...` என்று மட்டும் நிற்கும். அது எக்ஸ்.எஃப்.ஏ என்ற வேறு வகைப் படிவம், பெரும்பாலான போன் செயலிகளில் திறக்காது. கணினியில் அக்ரோபேட் ரீடரில் திறந்தால்தான் வரும். நாம் இங்கே செய்தது அந்த வகை இல்லை.

கடைசியாக ஒன்று. நிரப்பிய பி.டி.எஃப்-க்குப் பூட்டு எதுவும் கிடையாது. அது யார் கையில் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். அதனால் ஆதார் எண்ணுக்குப் பெட்டி வைக்காதீங்க, நகல் இருக்கிறதா என்ற டிக் போதும். நிரப்பிய படிவத்தைக் குழுவில் போடாமல், சேகரிப்பவரின் எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்க.