பைக் யாருடையது, வேலை யாருடையது?

தீங்கியல் சட்டத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு, இருபது நிமிடத்தில் எழுத வேண்டிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் ஒரு ஓட்டலில் பார்சல் வாங்கிக்கொண்டு டெலிவரி இளைஞர் ஒருவர் இரும்பைக்குக் கிளம்புகிறார். பைக் அவர் பெயரில் இருக்கிறது. சட்டையில் உணவு விநியோகச் செயலியின் பெயர். அம்மாவுக்கு மாத்திரை வாங்க வழியில் 200 மீட்டர் உள்ளே திரும்பியவர், மறுபடி சாலையில் ஏறும்போது ஓரமாக நடந்துபோன ஒரு மூதாட்டியை இடித்துவிடுகிறார். கால் எலும்பு முறிகிறது. அந்த இளைஞர் ஊழியர் அல்ல, சுயேச்சையான ஒப்பந்ததாரர் என்கிறது நிறுவனத்தின் ஒப்பந்தம். நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டுமா?

மாணவர்கள் முதலில் பாய்வது மாத்திரைக் கடையின் மேல்தான். முதலாளி வேலையாகப் போகிறவன் வழியில் சற்று விலகினால் முதலாளியே பொறுப்பு, வேலையை விட்டுத் தன்போக்கில் போனால் பொறுப்பில்லை என்பது 1834-இல் ஜோயல் எதிர் மோரிசன் வழக்கிலிருந்து வரும் விதி. பார்சல் இன்னும் பையில் இருக்கிறது, ஆர்டர் முடியவில்லை, விலகல் 200 மீட்டர். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மிச்ச நேரம் முழுக்க அதற்கு முந்தைய கேள்விக்குச் சேர வேண்டியது: இவர் ஊழியர்தானா? இதற்கு மிக நெருங்கிய வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2001-இல் தீர்த்த ஹாலிஸ் எதிர் வாபு. சிட்னியில் சைக்கிள் கூரியர் ஒருவர் நடைபாதையில் ஒருவரை இடித்துவிட்டு மறைந்துபோனார். யாரென்றே தெரியவில்லை, சட்டையில் இருந்த நிறுவனப் பெயர்தான் மிஞ்சியது. சைக்கிள் அவருடைய சொந்தச் சைக்கிள்தான் என்று நிறுவனம் வாதிட்டது. கூலியை நிறுவனமே தீர்மானித்தது, வேலையை அதுவே பிரித்துக் கொடுத்தது, பேரம் பேச இடமில்லை, சீருடையும் போடச் சொன்னது. இத்தனையும் இருக்க, தனித் தொழில் நடத்துபவராக அவரை எப்படிக் கொள்வது என்று கேட்டு, நிறுவனத்தையே பொறுப்பாக்கியது நீதிமன்றம்.

எதிர்ப்பக்கம் டெலிவரூ தீர்ப்பைக் காட்டும். தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்ற உரிமை டெலிவரூ ஓட்டுநர்களுக்கு இருந்ததை 2023-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. ஆனால் அது தொழிற்சங்க அங்கீகாரம் பற்றிய வழக்கு. தெருவில் அடிபட்டவரின் வழக்கு அல்ல. இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவரையே கிக் தொழிலாளி என்கிறது. அது நலத்திட்டத்துக்காக வகுத்த இலக்கணம். அதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தே இராத மூதாட்டியின் வாயை அடைப்பது நியாயமாகாது.

இவ்வளவும் எழுதினாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவைத் தொடாத விடை பாதி விடைதான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காப்பீட்டு நிறுவனம், உரிமையாளர், ஓட்டுநர் ஆகிய மூவரில் யார் எவ்வளவு தர வேண்டும் என்றே உத்தரவிடும். முதலாளி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய கோரிக்கையை உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் 175-ஆம் பிரிவு தடை போடுகிறது. நம் கேள்வியில் ஓட்டுநரும் அந்த இளைஞரே, உரிமையாளரும் அவரே. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகைக்கும் சரக்குக்கும் விலக்கு இருப்பது வழக்கம். காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டித் தப்பப் பார்க்கும்.

இங்கேதான் 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகம் எதிர் கைலாஷ் நாத் கோத்தாரி உதவுகிறது. கழகம் தனியார் பஸ்ஸை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. பஸ்ஸும் டிரைவரும் தனியாருடையவை, கண்டக்டர் கழகத்தின் ஆள், டிரைவர் கண்டக்டர் சொற்படி நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பதிவுச் சான்றிதழில் பெயர் இல்லாவிட்டாலும், ஓட்டத்தைக் கட்டுப்படுத்திய கழகம் பொறுப்பிலிருந்து தப்பவில்லை. கண்டக்டர் செய்த வேலையை இன்று செல்போன் திரை செய்கிறது என்பதே இங்கே வைக்க வேண்டிய வாதம்.

வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கோத்தாரி பழைய 1939 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இன்றைய சட்டத்தில் உரிமையாளர் என்றால் பதிவில் உள்ளவரே என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இறுக்கிச் சொல்லிவிட்டது. ஆனால் அது வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்ட கதை. அதில் பெயர் கொடுத்தவர் தப்பக்கூடாது என்றதே தவிர, அடுத்தவர் வண்டியைத் தன் வியாபாரத்துக்கு ஓட்டவைத்தவர் தப்பலாமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஆகவே மூதாட்டியின் வக்கீல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இளைஞரோடும் காப்பீட்டு நிறுவனத்தோடும் செயலி நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, அதன் கட்டுப்பாட்டை மனுவிலேயே விவரமாகச் சொல்ல வேண்டும். ஆர்டர் எத்தனை மணிக்கு ஒதுக்கப்பட்டது, பாதையைக் காட்டியது யார், தாமதமானால் பிடித்தம் உண்டா, தனக்குப் பதில் தம்பியை அனுப்ப அந்த இளைஞரால் உண்மையில் முடியுமா என்ற விவரங்கள் நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கும். அவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி முதல் வாய்தாவிலேயே கேட்டுவிட வேண்டும்.