சீட்டுப் பணம் யார் வரவு?

ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டு வரலாற்று ஆவணமாகுமா என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இரண்டு நோட்டுகளை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டுகளில் எழுதப்பட்டவை. ஒன்று என் பெரியப்பாவுடையது. அரசு ஊழியர். அழகான கையெழுத்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, மாதக் கடைசியில் கையிருப்பு. மற்றது பெரியம்மாவுடையது. பிள்ளைகள் எழுதி மிஞ்சிய பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் பென்சிலால் எழுதியது. ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றியவர் அவர். ரவிக்கையும் தைத்துக் கொடுப்பார்.

1986 தை மாதம் பெரியம்மா பத்தாயிரம் ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றில் சேர்கிறார். இருபது பேர், இருபது மாதம், மாதத் தவணை 500 ரூபாய். நகரத்தில் இருந்த ஒரு பதிவுபெற்ற சீட்டு நிறுவனம் நடத்தியது. பணம் வாங்க ஏஜெண்டு வீட்டுக்கே வருவார். இந்த ஒரே சீட்டு இரண்டு நோட்டிலும் ஏறியிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கதையைச் சொல்லவில்லை.

பெரியப்பாவின் நோட்டில் செலவுப் பக்கத்தில் மாதாமாதம் ஒரு வரி: தையில் "சீட்டு 500", மாசியில் "சீட்டு 375", பங்குனியில் மறுபடி 375. மளிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் அது நிற்கிறது. ஆவணியில் வரவுப் பக்கத்தில் சம்பளத்துக்குக் கீழே "சீட்டு வரவு 7,500". அதே வாரம் செலவில் "மனை முன்பணம் 7,000". அதன் பிறகு அடுத்த ஓராண்டு பழையபடி "சீட்டு" என்று செலவு ஓடுகிறது. இந்த நோட்டை மட்டும் படிக்கிற ஒருவருக்கு என்ன தெரியும்? வீட்டுச் செலவில் சீட்டு என்று ஏதோ ஒன்று கரைந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் எங்கிருந்தோ பெருந்தொகை வந்தது. குடும்பத் தலைவர் அதைக்கொண்டு மனை வாங்கினார்.

பெரியம்மாவின் பக்கத்தில் மூன்று பத்திகள் இருக்கின்றன. முதல் பத்தியில் "தவணை". எல்லா மாதமும் 500தான். இரண்டாவதில் "கழிவு". மூன்றாவதில் "கொடுத்தது". மாசி மாதத்துக்கு நேரே 500, 125, 375 என்று இருக்கும். பெரியப்பா எழுதியது இந்த மூன்றில் கடைசிப் பத்தி மட்டும்.

கழிவு என்பது எப்படி வருகிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பத்திகளின் அருமை புரியாது. மாதம் சேர்கிற பத்தாயிரம் யாருக்கு என்பது ஏலத்தில் முடிவாகும். அவசரம் உள்ளவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேட்பார். அதிகம் தள்ளிக் கேட்டவருக்குச் சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த தொகையிலிருந்து நிறுவனத்தின் கமிஷன் ஐந்து சதவீதம், அதாவது 500 ரூபாய், முதலில் போகும். மிச்சத்தை இருபது பேருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். தை மாதம் எடுத்தவர் 3,000 தள்ளினார். கமிஷன் போக 2,500. ஆளுக்கு 125. அது அடுத்த மாதத் தவணையில் கழியும். அதனால்தான் எங்கள் பக்கம் அதற்குக் கழிவு என்று பெயர். ஆங்கிலத்தில் டிவிடெண்ட் என்றார்கள். அது லாபப் பங்கு என்கிற எண்ணத்தைத் தரும் சொல். ஆனால் இங்கே யாரும் எந்த வியாபாரமும் செய்யவில்லை. பத்தொன்பது பேரோடு சேர்ந்து காத்திருந்ததற்காக, காத்திருக்க முடியாத ஒருவர் விட்டுக்கொடுத்தது அது.

மூன்று பத்தி வைப்பதில் அன்றாடப் பயன் ஒன்றும் இருந்தது. ஆனி மாத ஏலத்தில் 2,700 தள்ளியதை ஏலத்துக்குப் போய்வந்த பக்கத்துவீட்டுக்காரரிடம் கேட்டு பெரியம்மா ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கீழே கணக்கு: 2,700-இல் 500 போக 2,200, இருபதால் வகுக்க 110. ஆகவே ஆடியில் கட்டவேண்டியது 390. ஏஜெண்டு கேட்டது 395. "5 திருப்பி வாங்கினது" என்று மறுவாரத் தேதியில் ஒரு குறிப்பு. கொடுத்த தொகையை மட்டும் எழுதுகிறவருக்கு 395 என்பது இன்னொரு எண், அவ்வளவுதான். மாதத்துக்கு மாதம் தொகை மாறுவதுதான் ஏலச்சீட்டின் இயல்பு என்பதால், தவறு அந்த மாற்றத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். முழுத் தவணையையும் கழிவையும் தனித்தனியே எழுதினால்தான் அது அகப்படும்.

ஆவணியில் பெரியம்மாவே சீட்டைக் கேட்டு எடுத்தார். 2,500 தள்ளினார், கைக்கு வந்தது 7,500. இந்த இடத்தில் நோட்டில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, கீழே மூன்று வரிகள் எழுதியிருக்கிறார். "எடுத்தது 7,500. நம்ம பணம் 3,175. கடன் 4,325."

இந்த மூன்று வரிகளை முதன்முதலில் படித்தபோது நான் நோட்டை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டம் பெற்றவர்களும் தடுமாறுகிற இடம் இது. அதுவரை எட்டுத் தவணை, 4,000 ரூபாய். அதில் ஏழு மாதக் கழிவு 825. ரொக்கமாக அவர் கொடுத்திருந்தது 3,175. ஆக, கைக்கு வந்த 7,500-இல் 3,175 அவர் போட்டுவைத்த பணமே திரும்பியது. அது வரவல்ல, பானையில் இருந்ததை எடுத்துப் பெட்டியில் வைத்த மாதிரி. மீதி 4,325 மற்ற பத்தொன்பது பேரின் சேமிப்பு. அதைப் பன்னிரண்டு மாதத்தில் திருப்பிக் கட்டவேண்டும். அதுவும் வரவல்ல, கடன். வழக்குச் சொல்லில் சீட்டு விழுந்தது என்கிறோம், பரிசுத் தொகை என்று சட்டமொழியிலும் எழுதினார்கள். விழுந்ததும் பரிசும் அதிர்ஷ்டத்தின் சொற்கள். பெரியம்மா இரண்டையும் எழுதவில்லை. எடுத்தது என்று எழுதினார்.

புரட்டாசியிலிருந்து அவருடைய தலைப்பே மாறுகிறது. "சீட்டு" போய் "சீட்டுக் கடன்" வருகிறது. பத்திகள் அதே மூன்றுதான். மிச்சம் பன்னிரண்டு தவணை, 6,000 ரூபாய். அந்த மாதங்களில் கழிவு 100-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே போய் மொத்தம் 700 வந்தது. ரொக்கமாகக் கட்டியது 5,300. 1987 ஆவணியில் கணக்கை முடிக்கிறார்: "கடன் 4,325. கட்டினது 5,300. ஆன செலவு 975." இருபது மாதச் சீட்டில் அந்த வீட்டுக்கு உண்மையாகவே செலவு என்று ஏற்பட்டது அந்த 975 ரூபாய் மட்டும்தான். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: அவர் தள்ளியது 2,500, இருபது மாதத்தில் அவருக்குக் கிடைத்த கழிவு 1,525, வித்தியாசம் 975. கடைசிவரை பொறுத்திருந்து எடுத்தவரும் அதே 8,475-தான் கட்டியிருப்பார். கமிஷன் போக 9,500 வாங்கியிருப்பார். அவருக்கு 1,025 மிஞ்சியிருக்கும். பெரியம்மா கொடுத்ததன் ஒரு பகுதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெரியப்பாவின் நோட்டில் இதே இருபது மாதம் 8,475 செலவு, 7,500 வரவு. கூட்டிக் கழித்தால் அங்கும் 975தான் வரும். கூட்டல் தவறில்லை. ஆனால் 3,175 ரூபாய் சேமிக்கப்பட்டது என்பதோ, யார் சேமித்தார் என்பதோ அதில் எங்கும் இல்லை. அது மாதாமாதம் மறைந்துபோன செலவாகவும், பின்பு சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த வரவாகவும் ஆகிவிட்டது.

அவர் திட்டமிட்டு மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. சம்பளக்காரரின் கணக்கு முறை அப்படி: கையை விட்டுப் போனால் செலவு, கைக்கு வந்தால் வரவு. மாதச் சம்பளத்துக்கு அது போதும். நடுவில் உள்ள இரண்டு நிலைகளுக்கு, பிறரிடம் நம் பணம் இருப்பதற்கும் நம்மிடம் பிறர் பணம் இருப்பதற்கும், அதில் இடமில்லை. வணிகர்களின் பேரேட்டில் இடமுண்டு. சீட்டுக்கென்று ஓர் ஏடு திறந்து, எடுக்கும்வரை வரவேண்டிய பாக்கியாகவும் எடுத்தபின் தரவேண்டிய பாக்கியாகவும் எழுதுவார்கள். பேரேடு பார்த்தறியாத ஒரு பெண் குறுக்குக்கோடு ஒன்றைக் கிழித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பாலுக்கு முன்பணம் வாங்குவதும், தைத்த கூலி பாக்கி நிற்பதும் அவருடைய அன்றாடம். வாங்கலும் கொடுக்கலும் வரவு செலவு ஆகாது என்பது அவருக்கு அங்கிருந்து தெரிந்திருக்கும்.

சீட்டு அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் எடுத்த சீட்டுக்கு ஜாமீன் கேட்டார்கள். மீதித் தவணைகளுக்குப் போதிய ஈடு வாங்கிக்கொண்டு பணம் தருவது சட்டப்படியான நடைமுறைதான். சம்பளச் சான்று உள்ளவர் கையெழுத்து வேண்டும் என்றது நிறுவனம். பால் காசுக்குச் சான்று ஏது? பெரியப்பா கையெழுத்திட்டார். மனை அவர் பெயரில் பதிவானது. "என் ஜாமீனில் எடுத்த சீட்டு" என்று அவர் பின்னாளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அதன் பலம்.

இந்தச் சொற்களைச் சட்டமே பிறகு மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் சீட்டுக்கென 1961-இலேயே தனிச் சட்டம் உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் 1982-இல் வந்தது. 2019-இல் அதைத் திருத்தியபோது டிவிடெண்ட் என்பதை எடுத்துவிட்டுத் தள்ளுபடியில் பங்கு என்ற பொருளிலும், பரிசுத் தொகை என்பதை எடுத்துவிட்டு நிகரச் சீட்டுத் தொகை என்ற பொருளிலும் புதிய சொற்களை வைத்தார்கள். கழிவு, எடுத்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பென்சிலால் எழுதப்பட்டவை. அதே திருத்தம் நடத்துநரின் கமிஷன் உச்சவரம்பை ஐந்திலிருந்து ஏழு சதவீதமாக உயர்த்தியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இன்றைக்கு இதே பத்தாயிரம் சீட்டில் கழிவு கணக்கிடும் பெண் 500-க்குப் பதிலாக 700 வரை கழிக்க நேரலாம்.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தில், அப்படி வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் வீட்டுவேலையும் பங்களிப்புத்தான் என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நோட்டின் இன்னொரு பகுதி. ஒவ்வொரு தவணைக்கும் எதிரே, பத்திகளுக்கு வெளியே, பணம் எங்கிருந்து வந்தது என்று பெரியம்மா சின்ன எழுத்தில் குறித்திருக்கிறார். மாசியில் "பால் 240, ரவிக்கை 135". சித்திரையில் "பால் 210, சாணி 40, ரவிக்கை 125". ஐப்பசியில் மாடு வற்றிய மாதம். அங்கே "அவர் குடுத்தது 200" என்று நேர்மையாக எழுதியிருக்கிறது. இருபது மாதத்துக்கும் கூட்டிப் பார்த்தேன். 8,475-இல் பெரியப்பா கொடுத்தது 600.