மழைமானி சொல்லும் வறட்சி: மைசூரிலிருந்து மகபூப்நகர் வரை

மழைக் குறியீட்டுக் காப்பீட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பி.கே. மிஸ்ரா போட்ட பாதையிலேயே நடக்கிறார்கள். 1995இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் அவர் எழுதிய கட்டுரை, மழைக் காப்பீடு புதிய எண்ணம்தானா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்பியது. உலக வங்கியின் ஆய்வாளர்கள் அதைப் புதுமையாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே.எஸ். சக்ரவர்த்தி 1920இலேயே நூல் எழுதி அந்தத் திட்டத்தை முன்வைத்துவிட்டார் என்று மிஸ்ரா எடுத்துக்காட்டினார். அந்த நூலை மறதியிலிருந்து மீட்டது பெரிய பணி. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 1920இன் திட்டத்தையும் 2003 முதல் மகபூப்நகரில் விற்கப்பட்ட காப்பீட்டையும் ஒரே கொடியின் வேராகவும் நுனியாகவும் காணும் வாசிப்பு அங்கிருந்துதான் பரவியது. அதை ஏற்க முடியவில்லை.

மிஸ்ராவின் பக்கம் இருக்கும் வலுவை முதலில் சொல்லிவிட வேண்டும். சக்ரவர்த்தி 1870 முதல் 1914 வரையிலான மழைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தம் திட்டத்தை விளக்கினார். ஒவ்வொருவரின் வயலையும் பார்த்து இழப்பை மதிப்பிடுவது நடக்காத காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பகுதியில் மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அந்தப் பகுதியில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் தரலாம் என்றார். வயலுக்கு ஆள் போக வேண்டாம், விளைச்சலை நிறுக்க வேண்டாம், அண்டை வீட்டுக்காரர் சாட்சி சொல்லவும் வேண்டாம். இன்றைய திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். 1920 என்பது நூல் வந்த ஆண்டு மட்டுமே. சக்ரவர்த்தி அதற்கு முன்பே இதைப் பற்றி எழுதிவந்தார். ஆகவே எண்ணம் பிறந்த ஆண்டை இன்னும் பின்னால் தள்ளலாமே தவிர, முன்னால் இழுக்க முடியாது.

இடைப்பட்ட கதை பலரும் அறிந்தது. சக்ரவர்த்தியின் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. வி.எம். தண்டேகர் 1976இல் வகுத்த பகுதிவாரி முறைதான் 1985இன் அனைத்திந்தியப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கு அடிப்படையானது. அது பயிர் அறுவடைப் பரிசோதனையை நம்பியது, மழைமானியை அல்ல.

மிஸ்ராவின் வாசிப்பில் அளவுகோல்தான் கண்டுபிடிப்பு. விளைச்சலுக்குப் பதில் மழையை அளந்தாயிற்று என்றால் மழைக் காப்பீடு பிறந்துவிட்டது. ஆனால் மழைமானியின் எண் தானாகப் பணமாக மாறாது. எந்த நாளிலிருந்து எண்ணுவது, எந்த மழையை விட்டுவிடுவது, எந்த அளவில் கொடுக்கத் தொடங்குவது என்பதை விதைப்புக்கு முன்பே எழுதி வைத்த ஒரு தாள்தான் அதைப் பணமாக மாற்றுகிறது. அந்தத் தாளின் வாசகம் எப்படி மாறியது என்பதே, என் பார்வையில், இதன் உண்மையான வரலாறு.

இதற்கு நான் பிடித்துக்கொள்ளும் சான்று ஒரே பாடபேதம். 2003இல், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில், பேசிக்ஸ் என்ற குறுநிதி அமைப்பும் ஐசிஐசிஐ லொம்பார்டும் உலக வங்கியின் உதவியோடு நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் மழைக் காப்பீட்டை விற்றன. வாங்கியவர்கள் 230 பேர். அந்த ஆண்டின் ஒப்பந்தம் பருவம் முழுவதற்கும் ஒரே குறியீட்டைக் கணக்கிட்டது. பருவத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பெய்த மழைக்குத் தனித்தனி எடை கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. விதைப்பு, பூத்துக் காய் பிடித்தல், முதிர்ச்சி என மூன்று கட்டங்கள் வந்தன. முதல் இரண்டிலும் மழை குறைந்தால் பணம். அறுவடையை ஒட்டிய மூன்றாவதில் மழை மிகுந்தால் பணம். இவற்றோடு ஒரு புதிய விதியும் சேர்ந்தது. முதல் கட்டம் நாள்காட்டியில் குறித்த தேதியில் தொடங்காது. ஜூன் 1 முதல் பெய்த மழை 50 மில்லிமீட்டரைத் தாண்டும் நாளில் தொடங்கும். தாண்டவே இல்லையென்றால் ஜூலை 1இல் தொடங்கும்.

இந்த மாற்றத்தை, விவசாயிகளுக்கு எளிதாகப் புரிவதற்காகச் செய்ததாகவே பலரும் எழுதிச் செல்கிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 50 மில்லிமீட்டர் விதி எதையும் எளிதாக்கவில்லை, சிக்கலாக்கியது. மானாவாரி உழவர் தேதி பார்த்து விதைப்பதில்லை. செம்மண்ணில் ஈரம் இறங்கியபின்தான் விதைக்கிறார். ஒப்பந்தத்தின் கடிகாரத்தை உழவரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகச் செய்யும் முயற்சி இது. என் வாசிப்பில் சக்ரவர்த்தி ஒரு பகுதியின் வறட்சியை அளந்தார். இந்த வாசகம் ஒரு பயிரின் வறட்சியை அளக்கப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு.

இந்த வேறுபாடு பணத்தில் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; விதிகள் அந்தக் கால ஒப்பந்தங்களின் வகையைச் சேர்ந்தவை. முதல் கட்டம் 35 நாள். மழை 75 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 10 ரூபாய். 20 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஒரேயடியாக 1,000 ரூபாய். ஒரு நாளில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தது கணக்கில் வராது, ஏனென்றால் அது வேருக்குப் போகாமல் ஆவியாகிவிடும். 60க்கு மேல் பெய்தால் 60 மட்டுமே கணக்கு, ஏனென்றால் மீதி ஓடிவிடும்.

அந்த 35 நாளில் ஏழு நாள் மழை பெய்தது என்று வையுங்கள்: 6, 1.5, 1, 4, 68, 1.2, 1.8. மழைமானியில் மொத்தம் 83.5 மில்லிமீட்டர். மொத்தத்தை மட்டும் பார்க்கும் திட்டத்தில் 75ஐத் தாண்டிவிட்டதால் ஒரு காசும் கிடையாது. ஒப்பந்தக் கணக்கில் சிறுதூறல்கள் நான்கும் விழுந்துவிடும். 68 என்பது 60 ஆகும். மிஞ்சுவது 70. ஐந்து மில்லிமீட்டர் குறைவு, 50 ரூபாய். இப்போது அந்த 68 மில்லிமீட்டர் மழை கட்டத்துக்கு முன்பே, ஜூன் கடைசியிலேயே பெய்ததாக வையுங்கள். அந்த ஒரே மழை 50ஐத் தாண்டிக் கட்டத்தைத் தொடங்கி வைத்துவிடும். அதனால் கட்டத்துக்குள் எண்ணப்படாது. உள்ளே மற்ற ஆறு நாளும் அப்படியே பெய்தால் கணக்கில் வருவது 10 மில்லிமீட்டர் மட்டும். இழப்பீடு 1,000 ரூபாய். மழையின் மொத்த அளவு ஒன்றுதான். தொடங்கும் நாள் மாறியதும் 950 ரூபாய் மாறுகிறது. எந்த அதிகாரியும் வயலுக்கு வரவில்லை, எவரும் மனு எழுதவில்லை. 1920இன் திட்டத்துக்கும் மகபூப்நகர் ஒப்பந்தத்துக்கும் உள்ள தூரம் இந்த விதிக்குள் இருக்கிறது என்று நான் வாதிடுவது இதனால்தான்.

எனக்கு எதிரான சான்றையும் வைத்துவிடுகிறேன். சேவியர் ஜினே, ராபர்ட் டவுன்சென்ட், ஜேம்ஸ் விக்கரி மூவரும் 2007இல், இந்த வகை ஒப்பந்தங்களில் பழைய மழைப் பதிவுகளை இட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 11 விழுக்காடு கட்டங்களில்தான் ஏதாவது தொகை கிடைத்தது. உச்சத் தொகை கிடைத்தவை 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அதாவது, கட்டம் கட்டமாகப் பிரித்தாலும் காப்பீடு உண்மையில் உதவியது கொடிய வறட்சிக்குத்தான். நடைமுறையில் இது சக்ரவர்த்தியின் வறட்சிக் காப்பீட்டுக்கே திரும்பிவிட்டது என்று மிஸ்ராவின் பக்கம் நிற்பவர் வாதிடலாம். அந்த வாதத்தை என்னால் முழுவதும் தள்ள முடியாது. ஒப்பந்தம் செய்ய நினைத்ததும் செய்து முடித்ததும் ஒன்றல்ல என்பது மட்டுமே என் பதில். வரலாற்றில் நினைத்ததற்கும் இடம் உண்டு.

சக்ரவர்த்தியின் திட்டம் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்பதற்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. இதற்கு நேரடிச் சான்று குறைவு, ஆனாலும் அழுத்திச் சொல்கிறேன். வயலைப் பார்வையிடும் முறையில் தாமதம் உண்டு. அந்தத் தாமதம் பணம் கொடுப்பவருக்கு மூச்சு விட நேரம் தருகிறது. தானாகப் பணம் தரும் திட்டத்தில் அந்த நேரம் இல்லை. மழை பொய்த்தால் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மழை பொய்க்கும்போது வட்டம் வட்டமாகச் சேர்ந்துதான் பொய்க்கும். ஒருவரின் நல்ல ஆண்டு இன்னொருவரின் கெட்ட ஆண்டை ஈடுகட்டாது. ஒரே சமஸ்தானத்தின் நிதிக்குள் அந்தச் சுமையைத் தாங்குவது கடினம். 2003இல் அந்தச் சுமையை வெளிநாட்டு மறுகாப்பீட்டாரிடம் மாற்றும் வழி திறந்திருந்தது. அவர்களும் மழைமானியின் எண்ணை நம்பினார்கள்; முகவரின் மதிப்பீட்டை நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் பார்வையிடல் ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. வயலில் நடந்த சச்சரவு இப்போது மழைமானியின் அடியில் நடக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாள் காலை 8.30க்கு முடிகிறது. கட்டத்தின் கடைசி நாள் மாலையில் பெய்யும் மழை மறுநாள் பதிவில்தான் ஏறும். ஒப்பந்தம் அதை எந்த நாளில் சேர்க்கிறது என்பதைப் பொறுத்து இழப்பீடு மாறும். தானியங்கி நிலையங்களில் சிக்கல் வேறு வகை. மழைநீர் இறங்கும் புனலில் காய்ந்த இலையோ பறவையின் எச்சமோ அடைத்துக்கொண்டால், உள்ளே சாயும் சிறு கிண்ணம் அசையாது. பதிவில் பூஜ்யம் விழும். அந்த நேரத்தில் அதே நிலையத்தின் வெப்பம் சட்டென்று இறங்கி ஈரப்பதம் ஏறியிருந்தால், அக்கம்பக்க நிலையங்களிலும் மழை பதிவாகியிருந்தால், அது பொய்யான வறட்சி. இதைத் தேடிப் பார்க்கிறவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு குறை நிற்கும். மழைமானி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அங்கே பெய்து இங்கே பெய்யாத மழை எந்த விதிக்கும் கட்டுப்படாது. பயிர் காய்ந்தும் பணம் வராத உழவருக்கு, தானாகத் தரும் திட்டத்தில் முறையிட இடமும் இல்லை. இதுவே இம்முறையின் மிகக் கடுமையான எல்லை. ஒரு முறை அப்படி ஏமாந்தவர் அடுத்த ஆண்டு பிரீமியம் கட்டத் தயங்குகிறார் என்றால் குற்றம் அவர்மேல் இல்லை.

2007இல் கர்நாடகத்தில் சோதனையாகத் தொடங்கிய வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு, 2016இல் திருத்தி அமைக்கப்பட்டு இன்றும் நடக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு பருவமும் பயிருக்குப் பயிர் விதித்தாள்கள் வெளியாகின்றன. சக்ரவர்த்தியின் நூலை மிஸ்ரா தேடிப் பாதுகாத்தது போல, இந்தத் தாள்களையும் ஆண்டுவாரியாக, நிலையவாரியாக யாராவது திரட்டி வைக்க வேண்டும். அதைவிட முதலில் ஒன்று செய்யலாம். எந்த மழைமானி, எந்த நாளில் தொடக்கம், எத்தனை மில்லிமீட்டரில் பணம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, அன்றாட மழைப் பதிவோடு சேர்த்து, விதைப்புக்கு முன்பே ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டிவிடுங்கள்.