ரெப்போ வட்டி ஏறுமா, அப்படியே நிற்குமா? மேனேஜருக்கு அனலிஸ்ட் எழுதும் ஒரு பக்கக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

தி.நகரில் வீட்டுக்கடன் தரும் ஒரு நிறுவனம். 2023 மார்ச் கடைசி வாரம். "ஏப்ரல் 6-ம் தேதி ஆர்பிஐ வட்டியை ஏத்துமா, நிறுத்துமா? ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க" என்று ஜூனியர் அனலிஸ்ட்டிடம் மேனேஜர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் எப்படி எழுதியிருக்க வேண்டும்?

அப்போது நிலவரம் என்ன?

2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக ஏறியிருந்தது. பிப்ரவரி மாத சில்லறை பணவீக்கம் 6.44%. சட்டப்படி இலக்கு 4%; மேலும் கீழும் 2% வரை போகலாம். அதாவது 6% என்ற உச்ச வரம்பையே பணவீக்கம் தாண்டியிருந்தது. அதனால் வட்டி இன்னும் 0.25% ஏறும் என்றே பெரும்பாலான பொருளாதார வல்லுநர்கள் எதிர்பார்த்தனர்.

அவர்களைப் பின்பற்றி 'ஏறும்' என்று எழுதுவது சுலபம். ஆனால் 6.44% என்பது நடந்து முடிந்த மாதத்தின் கணக்கு. வட்டியை மாற்றினால் அதன் பலன் விலைவாசியில் தெரிய பல மாதங்கள் ஆகும். அதனால் ஆர்பிஐ-யின் பணக் கொள்கைக் குழு, வரப்போகும் பணவீக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. குறிப்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரப்போவதை எப்படிக் கணக்கிடுவது?

மார்ச் மாத பணவீக்கம் ஏப்ரல் 12-ல்தான் வெளியாகும். கூட்டமோ ஏப்ரல் 3 முதல் 6 வரை. ஆனாலும் கையில் இருக்கும் எண்களை வைத்தே ஓரளவு சொல்ல முடியும்.

பணவீக்கம் என்பது விலைக் குறியீட்டை போன வருடம் இதே மாதத்துடன் ஒப்பிடுவது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022-ல் விலைகள் வேகமாக ஏறின. பிப்ரவரியில் 166.1 ஆக இருந்த குறியீடு மார்ச்சில் 167.7, ஏப்ரலில் 170.1 ஆனது. 2023 பிப்ரவரியில் அது 176.8.

இப்போது விலைகள் மாதம் 0.5% ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் குறியீடு சுமார் 177.7 ஆகும். இதை 167.7 உடன் ஒப்பிட்டால் பணவீக்கம் சுமார் 6%. ஏப்ரலில் சுமார் 178.6, 170.1 உடன் ஒப்பிட்டால் 5%தான்! விலை குறையவே இல்லை, ஆனாலும் பணவீக்க விகிதம் இறங்குகிறது. காரணம், போன வருட எண் உயரமாக இருக்கிறது. இதைத்தான் 'பேஸ் எஃபெக்ட்' என்கிறார்கள்.

ஓட்டுக் கணக்கு

குழுவில் 6 பேர். சமநிலை வந்தால் ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. பிப்ரவரியில் வட்டி உயர்வுக்கு 4 பேர் ஆதரவு. அஷிமா கோயல், ஜெயந்த் வர்மா இருவரும் எதிர்ப்பு. வட்டி நிற்க, இன்னும் இரண்டு பேர் மனம் மாற வேண்டும். ஆளுநரே மாறினால் அவர் ஒருவர் போதும். உயர்வின் அளவும் டிசம்பரில் 0.35%, பிப்ரவரியில் 0.25% எனச் சுருங்கியிருந்தது.

அப்போ குறிப்பு எப்படி இருக்கும்?

"சார், வட்டி 6.50 சதவீதத்திலேயே நிற்க 55% வாய்ப்பு, 0.25% ஏற 45% வாய்ப்பு என்பது என் மதிப்பீடு. காரணம், ஏப்ரலில் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கும். உணவும் எரிபொருளும் நீங்கலான பணவீக்கம் இன்னும் 6 சதவீதத்தை ஒட்டியே இருப்பதுதான் இதற்கு எதிரான வலுவான வாதம். கூட்டத்துக்கு முன் கச்சா எண்ணெய் கடுமையாக ஏறினால் என் கணிப்பை மாற்றுவேன். ஏறினால் 30 லட்சம், 20 வருடம், 9% கடனுக்கு இஎம்ஐ ரூ.26,992-லிருந்து ரூ.27,476 ஆகும். நின்றாலும் 'இனி ஏறாது' என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம்."

பதில் முதல் வரியில் இருக்கிறது. எதிர்வாதம் மறைக்கப்படவில்லை. எது நடந்தால் கணிப்பு மாறும் என்பதும் இருக்கிறது.

கடைசியில் என்ன நடந்தது?

ஏப்ரல் 6-ல் ஆறு பேரும் ஒருமனதாக வட்டியை நிறுத்தினர். இந்த முடிவு இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் என்றார் ஆளுநர் சக்திகாந்த தாஸ். பிறகு வெளியான பணவீக்கம் மார்ச்சில் 5.66%, ஏப்ரலில் 4.70%.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. அதே ஜூலையில் தக்காளி விலை எகிற, பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குத் தாவியது. பேஸ் எஃபெக்ட் போன வருடத்தைச் சொல்லும். அடுத்த மாதக் காய்கறி விலையைச் சொல்லாது. அதனால்தான் குறிப்பில் 55% என்று எழுத வேண்டும், 'கண்டிப்பாக' என்று அல்ல.