பெரியப்பாவின் பீடியும் வெள்ளைத் தூசியும்

பெரியப்பா லேகிங் வேலை பார்த்தவர். பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாதபடி அவற்றின்மேல் போர்வை சுற்றும் வேலை அது. காண்டிராக்டர் கூப்பிடும் ஊருக்கெல்லாம் போவார், மில், பவர் ஸ்டேஷன் என்று. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து முதல் பீடியைப் பற்றவைத்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

நான் காலேஜில் ரெண்டாவது வருஷம் படித்தபோது நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "எத்தனவாட்டி சொன்னோம், பீடிய விடுன்னு. கேட்டாரா?" நானும் அதைத்தான் நம்பினேன். அவர் எதைக் குழாயில் சுற்றினார் என்று எங்களில் யாருமே யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, வேறு எதையோ தேடப்போய், அமெரிக்க லேகிங் தொழிலாளர்கள் பற்றிய ஒரு பழைய ஆய்வில் நான்கு எண்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் திண்ணைக் காட்சி வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

இர்விங் செலிகாஃப் ஒரு நுரையீரல் மருத்துவர். 1950களில் நியூ ஜெர்சியில் பேட்டர்ஸன் என்ற தொழில் நகரத்தில் கிளினிக் வைத்திருந்தார். அந்த ஊரில் ஒரு கல்நார் ஆலை இருந்தது. கல்நார் என்றால் நம்மூர் டீக்கடைக் கூரையில் பார்க்கிற அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். சிமெண்டோடு இறுகிக் கூரையில் கிடக்கும்வரை அது அவ்வளவாகத் தூசி விடுவதில்லை. அறுத்தால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மிதக்கும். ஆலைத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக மூச்சுத் திணறி வரவே, செலிகாஃப் இதன் பின்னால் போனார். ஆலையின் பதிவேடுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே லேகிங் தொழிலாளர் சங்கத்திடம் போனார். யார் எந்த வருஷம் சேர்ந்தார், எப்போது செத்தார் என்பதெல்லாம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கல்நார் பற்றிய வரலாற்றில் முக்கியமான தரவுகள் பலவும் இப்படிச் சங்கம் எழுதிவைத்த குறிப்புகள்தான்.

1964-ல் முதல் முடிவு வந்தது. நியூயார்க், நியூ ஜெர்சி சங்கங்களைச் சேர்ந்த 632 பேரில், நுரையீரலிலும் அதன் உறையிலும் வந்த புற்றுநோயால் 45 பேர் இறந்திருந்தார்கள். சாதாரண ஆண்களின் கணக்குப்படி ஆறேழு பேர்தான் இறந்திருக்க வேண்டும். அதே வருஷம் ஜனவரியில்தான் சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டிருந்தார். கேள்வி தானாகவே எழுந்தது: இந்த ஆட்கள் புகைத்தார்களா?

செலிகாஃபும் ஈ. கைலர் ஹேமண்டும் ஜேகப் சர்க்கும் சேர்ந்து அதைப் பார்த்தார்கள். ஹேமண்ட் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் புள்ளியியலாளர். அந்த 632 பேரில் 1963-ல் உயிரோடிருந்த 370 பேரிடம் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, நான்கு வருஷத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தார்கள். சிகரெட் பழக்கம் இருந்த 283 பேரில் 24 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்கள். மீதி 87 பேரில் ஒருவரும் இல்லை. பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைத்தான் கம்பெனிகள் இறுகப் பிடித்துக்கொண்டன. "பாருங்கள், புகைக்காதவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே!" ஆனால் 87 பேரை நான்கு வருஷம் மட்டும் பார்த்தால், அபாயம் ஐந்து மடங்காக இருந்தாலும் ஒரு மரணமும் கண்ணில் படாமல் போகலாம். அடிப்படை அபாயம் அவ்வளவு சிறியது. சாம்பிள் போதாமல் வந்த பூஜ்யத்தையும் நிஜமான பூஜ்யத்தையும் குழப்பிக்கொள்வது டேட்டா வேலை செய்கிற எங்களுக்குத் தினசரித் தவறு. இங்கே அந்தத் தவறு ஒரு தொழிற்சாலைக்கு நல்ல வக்கீலாக மாறியது.

ஆகவே இன்னும் பெரிய கூட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சங்கத்தில் இருந்த 17,800 பேரை 1967 முதல் 1976 வரை பின்தொடர்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்விலிருந்து கல்நாரைத் தொடாத 73,763 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 1979-ல் வந்தவைதான் நான் சொன்ன நான்கு எண்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் ஆண்களில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் இவை: கல்நாரும் இல்லை, சிகரெட்டும் இல்லையென்றால் 11.3. கல்நார் மட்டும் என்றால் 58.4. சிகரெட் மட்டும் என்றால் 122.6. இரண்டும் சேர்ந்தால் 601.6.

கல்நார் ஐந்து மடங்கு, சிகரெட் பதினோரு மடங்கு. இரண்டும் தனித்தனியாக வேலை செய்தால் அவற்றின் கூடுதல் மரணங்களைக் கூட்டினால் போதும். அடிப்படை 11.3, கல்நாரின் பங்கு 47.1, சிகரெட்டின் பங்கு 111.3, ஆக மொத்தம் சுமார் 170. நிஜத்தில் வந்தது 601.6. ஐந்தையும் பதினொன்றையும் பெருக்கினால் வரும் ஐம்பத்தைந்து மடங்குக்கு வெகு பக்கத்தில், 53 மடங்கு. அதாவது 430 மரணங்கள் எந்த ஒன்றின் கணக்கிலும் தனியாகச் சேராதவை. கல்நார் மட்டும் இருந்திருந்தால் அவை நடந்திருக்காது, சிகரெட் மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

ஏன் பெருக்கல்? ஒரு செல் புற்றாக மாற ஒரே மாற்றம் போதாது, அடுத்தடுத்துப் பல மாற்றங்கள் நடக்க வேண்டும். ஒரு படியின் வேகத்தைப் புகை பத்து மடங்காக்கி, வேறொரு படியின் வேகத்தைக் கல்நார் ஐந்து மடங்காக்கினால், இரண்டு படியும் தாண்டுகிற வாய்ப்பு ஐம்பது மடங்கு ஆகிறது. இரண்டும் ஒரே படியைத் தள்ளினால் கூட்டல்தான் வரும். புகையில் இருக்கும் ரசாயனங்கள் மரபணுவில் நேரடியாகக் கைவைக்கின்றன. கல்நார் இழை நுரையீரலில் குத்திக்கொண்டு வருஷக்கணக்கில் வீக்கத்தை உண்டாக்குகிறது. புண் ஆறுவதற்காகச் செல்கள் திரும்பத் திரும்பப் பிரிகின்றன, கெட்டுப்போன செல்லும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து பெருகுகிறது.

இது தவிர இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கவும் செய்கின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய மயிரிழைகள் தூசியைச் சளியோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றை முடக்கிவிடுவதால் உள்ளே போன கல்நார் வெளியே வராமல் தங்கிவிடுகிறது. இழையோ தன்மேல் புகையின் தாரை ஒட்டவைத்துச் செல்லுக்குள் சுமந்துபோகிறது. (1952 முதல் 1956 வரை கென்ட் சிகரெட்டின் ஃபில்டரிலேயே நீலக் கல்நார் வைத்து விற்றார்கள். உடல்நலத்துக்கு நல்லது என்று விளம்பரம் வேறு.)

கல்நாரால் வரும் இன்னொரு புற்றுநோய் மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. புகைப்பதால் அந்த அபாயம் கூடுவதில்லை. புகைத்த தொழிலாளர்கள் பொதுவாகவே நோஞ்சான்கள், அதனால்தான் எண்கள் ஏறின என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம். பெருக்கல் நடப்பது புகை நேரடியாகப் படுகிற மூச்சுக்குழாய்ப் பக்கத்தில்தான்.

பெருக்கல் எங்கும் சுத்தமாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே தொழிலாளர்களில் சுமார் 2,400 பேரை 2008 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வந்தது. நுரையீரலில் கல்நார்த் தழும்பு விழாதவர்களிடம் இரண்டும் சேர்ந்த அபாயம் சுமார் 14 மடங்குதான், கிட்டத்தட்டக் கூட்டல். ஆஸ்பெஸ்டோசிஸ் என்கிற அந்தத் தழும்பு விழுந்தவர்களிடம் அது 37 மடங்கு. எவ்வளவு தூசி உள்ளே தங்கியது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

இந்த எண்களை வைத்து நடந்த சண்டைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. 601.6-ஐத் திரும்பப் பாருங்கள். சிகரெட்டை எடுத்துவிட்டால் 58.4 ஆகிறது, அதாவது 90 சதவீத மரணம் தவிர்க்கப்படுகிறது. கல்நாரை எடுத்துவிட்டால் 122.6, சுமார் 80 சதவீதம். கூட்டினால் 170 சதவீதம்! பெருக்கலில் பழியை இப்படித்தான் பங்குபோட முடியாமல் போகிறது. 90-ஐ மட்டும் நீதிமன்றத்தில் சொன்னால் கல்நார்க் கம்பெனி தப்பிக்கும், 80-ஐ மட்டும் சொன்னால் சிகரெட் கம்பெனி தப்பிக்கும். இரண்டு எண்ணும் உண்மை.

ஜான்ஸ்-மேன்வில் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்நார் நிறுவனமாக இருந்தது. 1970களின் இறுதியில் டெக்சாஸ் டெனிசன் ஆலையில் புகைப்பதற்கே தடை போட்டது. மருத்துவப்படி சரியான முடிவுதான். ஆனால் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது, ஒப்பந்தத்தை மீறிய விதி என்று நடுவர் சொன்னார், 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நடுவர் பக்கமே நின்றது. எனக்கு முதலில் சங்கத்தின்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், பல பத்தாண்டுகள் தூசியைப் பற்றி வாய் திறக்காத முதலாளி திடீரென்று உன் பழக்கத்தைப் பற்றி அக்கறைப்பட்டால் யார்தான் நம்புவார்கள்? 1982-ல் அந்த நிறுவனம் வழக்குகளின் பாரத்தால் திவால் மனு போட்டது. நஷ்டஈடு கொடுக்க உருவான அறக்கட்டளை, சிகரெட் கம்பெனிகளும் பங்கு தர வேண்டும் என்று ப்ரூக்ளினில் வழக்குத் தொடர்ந்தது. 2001 ஜனவரியில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது.

யுரேனியம் சுரங்கத்திலும் இதே கதைதான். அங்கே தூசியோடு ரேடான் வாயுவின் கதிர்வீச்சு நுரையீரலுக்குள் போகிறது. புகையோடு சேர்ந்தால் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடி ஆண்கள் மிகக் குறைவாகவே புகைப்பவர்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 32 நவஹோ ஆண்களில் 23 பேர் யுரேனியம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் என்று 1984-ல் ஒரு ஆய்வு காட்டியது. இருந்தும் 1990-ல் வந்த இழப்பீட்டுச் சட்டம், புகைக்காதவர் 200 அலகு ரேடான் வாங்கியிருந்தால் போதும், புகைத்தவர் 300 அல்லது 500 அலகு வாங்கியதாக நிரூபிக்க வேண்டும் என்றது. புகைத்தவன் உடம்பில் அதே ரேடான் இன்னும் அதிகமாகக் கொல்கிறது. சட்டமோ நேர் எதிராக, அவனிடம் கூடுதல் ரேடானுக்குச் சாட்சி கேட்டது. 2000-ல்தான் திருத்தி எல்லோருக்கும் 40 அலகு ஆக்கினார்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியப்பா சுற்றியதில் எவ்வளவு கல்நார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் விஷயத்தில் இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. பீடியை நிறுத்தியிருந்தால் நல்லதுதான் நடந்திருக்கும், அதையும் மறைக்கவில்லை. 2013 ஆய்வில், புகையை விட்ட பத்து வருஷத்துக்குள் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோய் மரண விகிதம் பாதியாகக் குறைந்தது.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெள்ளக் கயிறுடா. சாக்குல சுருட்டிக் கொண்டாருவாரு. சட்டைய உதறிட்டுத்தான் ஊறவைப்பேன், இல்லன்னா தண்ணி பால் மாதிரி ஆயிரும்" என்றார்.

அந்தச் சட்டைகளை உதறியவர் அவர்தான். பேட்டர்ஸனில் ஆலைத் தொழிலாளர்களின் வீட்டாரையும் செலிகாஃப் குழு தேடிப் பிடித்துப் பரிசோதித்தது. துணி துவைத்த மனைவிகளுக்கும் கல்நார் நோய் வந்திருந்தது.

அடுத்த வாரம் அவரை டவுனில் எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போனேன். கொடுத்த படிவத்தில் புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது, இல்லை என்று டிக் அடித்தேன். வேலை பற்றிக் கேட்ட இடத்தில் 'இல்லத்தரசி' என்று வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் ஓரமாக, கணவர் லேகிங் வேலை, இருபது வருஷம் அவர் துணியை உதறித் துவைத்தவர் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று கேட்டார்.