லீமா அவரையிலும் மூங்கில் குருத்திலும் உள்ள சயனைடு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கடைகளில் டபுள் பீன்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது லீமா அவரை ஆகும். இதிலும் மூங்கில் குருத்திலும் ஐதரசன் சயனைடு என்னும் நஞ்சை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன. அவரையில் உள்ளது லினமாரின். குருத்தில் உள்ளது டாக்சிஃபிலின்.

கண்டறியப்பட்ட வரலாறு

இளம் சோளப் பயிரை மேய்ந்த மாடு இறந்துபோவதை இப்பகுதி மானாவாரி உழவர்கள் அறிவர். அதன் காரணத்தை லண்டனில் டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரு வேதியியலாளர்கள் 1902இல் கண்டறிந்தனர். சோளத்தில் சர்க்கரையுடன் பிணைந்த சேர்மமாகச் சயனைடு இருந்தது. அதற்குத் துரின் எனப் பெயரிட்டனர். மூங்கிலின் டாக்சிஃபிலின் இத்துரினுக்கு மிக நெருங்கிய உறவுடைய சேர்மம் ஆகும்.

லீமா அவரையால் மொரீசியசுத் தீவில் நேர்ந்த நஞ்சேற்றம் 1884இலேயே பதிவாகியிருந்தது. அத்தீவின் விதைகளை ஆராய்ந்த அவ்விருவரும் 1903இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பிரித்தெடுத்த சேர்மம், ஆளி விதையில் முன்பே அறியப்பட்ட லினமாரினே எனப் பின்னர் தெரிந்தது.

எல்லா வகைகளிலும் நஞ்சு ஒரே அளவில் இல்லை. பிற்காலப் பகுப்பாய்வுகளில், சாவகத்தின் நிறமுள்ள விதைகள் 100 கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் சயனைடும், பர்மாவின் வெள்ளை விதைகள் சுமார் 200 மில்லிகிராமும், அமெரிக்க வெள்ளை விதைகள் சுமார் 10 மில்லிகிராமும் தந்தன. மனிதருக்கு உயிர்க்கேடு தரும் அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமிலிருந்தே தொடங்கலாம். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 25 மில்லிகிராம். அமெரிக்க வெள்ளை விதையில் 50 கிராம், வேகவைக்கும் முன்பே 5 மில்லிகிராம்தான் தரும். சாவக விதையில் அதே அளவு 150 மில்லிகிராம் தரும்.

வேகவைத்தால் குறைவது ஏன்?

செல் சிதையாதவரை இச்சேர்மமும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கும். நறுக்கும்போதோ மெல்லும்போதோ இரண்டும் கலந்து நஞ்சு வெளிப்படுகிறது. ஐதரசன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 பாகை செல்சியசுதான். ஆகவே திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது அது ஆவியுடன் வெளியேறிவிடும்.

டாக்சிஃபிலின் வெப்பத்தாலேயே சிதையும். எனவே மெல்லிய துண்டுகளாக நறுக்கிய மூங்கில் குருத்தை நீண்ட நேரம் கொதிக்கவைத்து, நீரை வடிப்பர். கசப்பு மீதமிருந்தால் நீர் மாற்றி மீண்டும் கொதிக்கவைப்பர்.

லினமாரின் அப்படியன்று, அது வெப்பத்தைத் தாங்கும். உலர்ந்த விதையை ஊறவைக்காமல் கொதிநீரில் இட்டால் நொதி முதலில் செயலிழக்கும்; லினமாரின் உடையாமல் தங்கும். பின்னர் குடல் நுண்ணுயிர்கள் அதை உடைத்து நஞ்சாக்கக்கூடும். இரவு முழுதும் ஊறவைத்தால் நொதி வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. லினமாரினில் ஒரு பகுதி நீரிலும் கரைகிறது. ஊறிய நீரையும் வெந்த நீரையும் குழம்பில் சேர்த்தால் கரைந்தது திரும்ப உணவுக்கே வந்துவிடும். ஆகவே அவ்விரண்டையும் கொட்டிவிட வேண்டும்.